எஃப்.டி. ரசீதைப் படிப்பது எப்படி? பாதியில் உடைத்தால் கையில் எவ்வளவு வரும்?

கடையோ பட்டறையோ நடத்தும் பெரியவர் ஒருவர், கையில் சேர்ந்த 4,00,000 ரூபாயை மூன்று வருடத்துக்கு எஃப்.டி.யில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7,000 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்கில் வந்துவிடுகிறது. பதினைந்து மாதம் ஆனதும் சரக்கு எடுக்க அவசரமாகப் பணம் வேண்டியிருக்கிறது. டெபாசிட்டை உடைக்கிறார். வங்கி தருவது 3,95,000 ரூபாய்.

"வட்டியைக் குறைப்பீர்கள் என்று தெரியும், போட்ட முதலிலேயே எப்படிக் கை வைத்தீர்கள்?" என்ற கேள்வி இந்த இடத்தில்தான் வருகிறது. வங்கி ஏமாற்றவில்லை. கணக்கு அப்படித்தான் போகும். அது ஏன் என்பதையும், அந்த 5,000 ரூபாயை எப்படிக் காப்பாற்றலாம் என்பதையும் ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: ரசீதில் முதிர்வுத் தொகையைப் பாருங்கள்

இப்போதெல்லாம் எஃப்.டி. ரசீது பெரும்பாலும் ஒரு பக்கக் கணினி அச்சாகத்தான் வருகிறது. பெயர், தொகை, போட்ட தேதி, முதிர்வு தேதி, வட்டி விகிதம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, முதிர்வுத் தொகை என்ற கட்டத்துக்கு வாருங்கள். அங்கே நீங்கள் போட்ட அதே 4,00,000 இருந்தால், வட்டி அவ்வப்போது உங்கள் கணக்குக்கு வந்துவிடும் வகை அது. 4,92,500 ரூபாய்க்குச் சற்று மேலே ஒரு தொகை இருந்தால், வட்டி வெளியே வராமல் முதலோடு சேர்ந்து வளர்ந்து கடைசியில் மொத்தமாகக் கிடைக்கும் வகை. மாதச் செலவுக்கு வட்டி வரும் என்று நினைத்திருந்தவரின் ரசீதில் பெரிய தொகை இருந்தால், விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது. அன்றே கவுன்டரில் சொல்லி மாற்றிக்கொள்வதுதான் சுலபம்.

அடுத்தது பெயர். உங்கள் சொந்தப் பெயரில் போட்டால் 60 வயது கடந்தவர்களுக்கான கூடுதல் வட்டி கிடைக்கும். கடையின் பெயரில் போட்டால் பல வங்கிகள் அதைத் தருவதில்லை. நாமினி பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து போட்டிருந்தால் இன்னொரு விஷயம் உண்டு. 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்று ரசீதில் இருப்பதைப் பார்த்து, தனியாகப் போய் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். முதிர்வு தேதி வந்த பிறகு அது சரி. அதற்கு முன்னால் உடைக்க இருவருடைய கையெழுத்தையும் வங்கி கேட்கும். ஒருவர் ஊரில் இல்லையென்றால் அன்றைக்குப் பணம் கிடைக்காது.

படி 2: வட்டியை எப்படி வாங்கப் போகிறீர்கள்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் நம் உதாரணத்தில் 7,000 ரூபாய். மாதாமாதம் வாங்கினால் 2,333 வரும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் 2,320 ரூபாய்தான் வரும். காலாண்டு முடிவில் தரவேண்டியதை வங்கி முன்கூட்டியே தருவதால், அதற்கேற்ப கொஞ்சம் கழித்துக்கொள்கிறது. இதில் தவறு ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

வீட்டுச் செலவுக்கு வட்டியை நம்பியிருந்தால் மாத வட்டியோ காலாண்டு வட்டியோ எடுங்கள். கடை வருமானமே போதுமென்றால் வட்டியை உள்ளேயே விட்டுவிடுங்கள். மூன்று வருடத்தில் 84,000 ரூபாய் வட்டிக்குப் பதிலாக 92,500 ரூபாய்க்கு மேல் சேரும்.

படி 3: உடைத்தால் என்ன ஆகும் என்று போடுமுன்பே கணக்குப் பாருங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. பாதியில் எடுத்தால் 'அரை சதவீதம் அபராதம்' என்று கவுன்டரில் சொல்வார்கள். அதைக் கேட்டதும், 7 சதவீதம் 6.5 ஆகும், அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மையில் இரண்டு முறை குறையும்.

முதலில், மூன்று வருடத்துக்கான 7 சதவீதம் போய்விடும். பணம் வங்கியில் இருந்தது பதினைந்து மாதம்தானே? நீங்கள் போட்ட அன்று பதினைந்து மாத டெபாசிட்டுக்கு என்ன விகிதம் இருந்ததோ, அதைத்தான் எடுப்பார்கள். அது 6.5 சதவீதம் என்று வைப்போம். அதிலிருந்து அபராதம் அரை சதவீதம் கழியும். ஆக 6 சதவீதம்.

இப்போது காலாண்டுக்கு 6,000 வீதம், ஐந்து காலாண்டுக்கு உங்களுக்குச் சேரவேண்டியது 30,000 ரூபாய். ஆனால் 7,000 வீதம் 35,000 ரூபாய் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். கூடுதலாக வந்த 5,000 ரூபாயை வங்கி முதலிலிருந்து பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் 3,95,000. வட்டியை உள்ளேயே விட்டிருந்தால் கையில் 4,30,900 ரூபாய் போல வந்திருக்கும். அதிலும் ஏறக்குறைய இதே அளவு நஷ்டம்தான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

அபராதம் பல வங்கிகளில் அரை முதல் ஒரு சதவீதம். தொகை பெரிதானால் கூடும் வங்கிகளும் உண்டு. போட்ட ஏழு நாளுக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது. வருமான வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்து வருட எஃப்.டி.யை இடையில் உடைக்கவே முடியாது. தொழிலுக்குத் தேவைப்படக்கூடிய பணத்தை அதில் போட்டுவிடாதீர்கள்.

படி 4: ஒரே ரசீதாகப் போடாதீர்கள்

4,00,000 ரூபாயை ஒரு லட்சம் வீதம் நான்கு ரசீதாகப் போடுங்கள். வட்டி அதேதான். சரக்குக்கு ஒரு லட்சம் வேண்டுமென்றால் ஒரு ரசீதை மட்டும் உடைத்தால் போதும். இழப்பு 5,000 இல்லை, 1,250 ரூபாய். மற்ற மூன்றும் 7 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பணம் சில மாதத்தில் திரும்பி வந்துவிடும் என்றால் உடைக்கவே வேண்டாம், டெபாசிட்டின் பேரில் கடன் கேளுங்கள். பெரும்பாலும் டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதலாக வாங்குவார்கள். நம் உதாரணத்தில் 8 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மூன்று மாத வட்டி 2,000 ரூபாய். அதே மூன்று மாதத்தில் அந்த ஒரு லட்சத்துக்கு டெபாசிட் 1,750 ரூபாய் சம்பாதித்துவிடும். ஆகவே உண்மையான செலவு 250 ரூபாய்தான். வியாபாரிக்கு இதைவிட மலிவான கடன் கிடைப்பது அரிது. ஆனால் பணம் ஒரு வருடத்துக்கு மேல் திரும்பாது என்று தெரிந்தால் கடன் வட்டியும் கூடிக்கொண்டே போகும். அப்போது ஒரு ரசீதை உடைத்துவிடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

படி 5: முதிர்வு தேதியை நாட்காட்டியில் குறியுங்கள்

ரசீதில் தானாகப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தால், முதிர்வு நாளில் அன்றைய வட்டிக்கு மறுபடியும் அதே காலத்துக்குப் போய்விடும். அடுத்த வாரம் பணம் கேட்டால் அது புது டெபாசிட்டை உடைப்பதாகிவிடும். புதுப்பிக்கச் சொல்லாமல் விட்டுவிட்டால், முதிர்ந்த தொகைக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய டெபாசிட் வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஒரு வாரம் முன்பே போய் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

எப்போதாவது உடைத்தே ஆகவேண்டும் என்று வந்தால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்று எண்களைக் கேளுங்கள்: எந்த விகிதத்தில் வட்டி கணக்கிடுகிறீர்கள், அபராதம் கழித்து எவ்வளவு சதவீதம், இன்று என் கணக்கில் வரப்போகும் தொகை எவ்வளவு? கணினியில் பார்த்து உடனே சொல்லிவிடுவார்கள். மூன்றையும் ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, கடனாக எடுத்தால் எவ்வளவு ஆகும் என்றும் அங்கேயே கேட்டுவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.