அடாபலீன்: ஐந்தாம் நாள் உரிந்த முகம்

பருவுக்காக பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் ஒன்றில் அடாபலீன் 0.1% ஜெல் கொடுத்தார்கள். சீக்கிரம் போகட்டும் என்று தினமும் இரவில், முகம் கழுவிய ஈரத்தோடே தாராளமாகத் தடவினேன். ஐந்தாம் நாள் வாயோரம் வெங்காயச் சருகு போல உரிந்தது. நாசி லெமாக் சம்பல் பட்டதும் கண்ணில் தண்ணீர்.

ஜெல்லை நிறுத்தி, எரிச்சல் அடங்கும் வரை மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டேன். அப்புறம் திங்கள், வியாழன் இரவுகளில் மட்டும் ஆரம்பித்தேன். மூக்கோரத்திலும் வாயோரத்திலும் முதலில் வாசலின். முகம் நன்றாகக் காய்ந்தபின் மாய்ஸ்சரைசர், அதன்மேல் முகம் முழுவதற்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு ஜெல். பருவின் மேல் மட்டும் வைக்கும் மருந்தல்ல இது. புதிதாக வராமல் தடுப்பதும் அதன் வேலை.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டாவது வாரத்தில்தான் தினமும். லேசான தோல் உரிதலும் இறுக்கமும் இருந்தால் அதே அளவில் தொடர்ந்தேன். தண்ணீர் பட்டாலே எரிந்தால் ஓரிரு இரவு விடுமுறை. நடுவில் பரு கொஞ்சம் கூடியது, பயந்துதான் போனேன். மூன்றாம் மாதம்தான் கன்னம் தெளிந்தது. பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், கேஎல் வெயில் சும்மா விடாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றாலோ இதைத் தொடக்கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.