பாகை, நிமிடம், விநாடியைத் தசமப் பாகையாக மாற்றுவது எப்படி? தூரம் கணக்கிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிட, அவற்றின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தால் போதும். ஆனால் அந்த மதிப்புகள் 0°13′12″ என்ற வடிவில் கிடைக்கும்போது அவற்றை அப்படியே சூத்திரத்தில் இட முடியாது. முதலில் ஒவ்வொன்றையும் ஒரே தசம எண்ணாக மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தில் இரண்டு கூட்டல்களும் இரண்டு வகுத்தல்களும்தான் இருக்கின்றன. இருந்தும் தூரக் கணக்கில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நுழைகின்றன என்பது என் கருத்து. இங்கே பிழை நேர்ந்தாலும் இறுதியில் வரும் தூரம் பார்வைக்கு நம்பும்படியாகவே இருக்கும் என்பதால், அது எளிதில் பிடிபடுவதில்லை.

எடுத்துக்காட்டாகத் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டைக் கொள்வோம். பூமத்திய ரேகை அந்த நாட்டின் ஊடாகவே செல்வதால், மாற்றத்தில் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். தலைநகர் குயிட்டோவின் அமைவிடத்தை 0°13′12″ S, 78°30′45″ W என்றும், துறைமுக நகரமான குவாயாகிலின் அமைவிடத்தை 2°11′24″ S, 79°53′15″ W என்றும் எடுத்துக்கொள்வோம்.

முதற்படி: எண்ணைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு பாகையில் 60 நிமிடங்கள் உள்ளன. ஒரு நிமிடத்தில் 60 விநாடிகள் உள்ளன. ஆகவே ஒரு பாகைக்கு 3600 விநாடிகள். இவை கோணத்தின் பகுதிகள். கடிகார நேரத்தோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. மதிப்பைப் பாகை, நிமிடம், விநாடி, திசை என நான்கு தனிப் பகுதிகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். குயிட்டோவின் அட்சரேகைக்கு அவை 0, 13, 12, S ஆகும். விரிதாளில் வேலை செய்பவர்கள் இந்த நான்கையும் நான்கு தனி நெடுவரிசைகளில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரித்து எழுதும்போதே ஒரு சோதனையையும் செய்துவிடலாம். நிமிடமோ விநாடியோ 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், கையிலுள்ளது பாகை, நிமிடம், விநாடி வடிவமே அல்ல. யாரோ முன்பே மாற்றிய தசம எண்ணைத் தவறாகப் பிரித்து எழுதியிருக்கலாம். 78.5125 என்ற தசம எண்ணை 78°51′25″ என்று படிப்பது இந்த வகைத் தவறுதான். ஆனால் இந்த எடுத்துக்காட்டில் 51, 25 இரண்டுமே 60-க்குக் குறைவாக இருப்பதால் சோதனை அதைப் பிடிக்காது. எனவே பாகை, நிமிடம், விநாடிக் குறியீடுகளே இல்லாமல் ஒரு மதிப்பு வந்தால், அது எந்த வடிவில் எழுதப்பட்டது என்பதை அனுப்பியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பு.

இரண்டாம் படி: குறியைப் பற்றி எண்ணாமல் கூட்டுங்கள்

நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும். குயிட்டோவின் அட்சரேகைக்கு 13-ஐ 60-ஆல் வகுத்தால் 0.216667, 12-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.003333, இரண்டும் சேர்ந்து 0.22. தீர்க்கரேகைக்கு 78 + 0.5 + 0.0125, அதாவது 78.5125. குவாயாகிலுக்கு இதே முறையில் 2.19, 79.8875 என்று வரும்.

0°13′12″ என்பதன் இலக்கங்களை ஒட்டி 0.1312 என்று எழுதிவிடுவது தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் தவறு. நான்கு மதிப்புகளையும் இப்படி எழுதிக் கணக்கிட்டால் குயிட்டோவுக்கும் குவாயாகிலுக்கும் இடையே சுமார் 259 கிலோமீட்டர் என்று விடை வரும். சரியான விடை சுமார் 267 கிலோமீட்டர். எட்டுக் கிலோமீட்டர் வேறுபாட்டைப் பார்த்து யாரும் ஐயப்பட மாட்டார்கள். ஆனால் அந்தத் தவறான எண்ணை வரைபடத்தில் குறித்தால், குயிட்டோ தன் உண்மையான இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளி நிற்கும். எனவே சரிபார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, ஒவ்வொரு ஊரின் அமைவிடத்தையும் தனித்தனியாகத்தான்.

மூன்றாம் படி: கூட்டி முடித்த பிறகு குறியை இடுங்கள்

வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி. தெற்கும் மேற்கும் கழித்தல் குறி. இந்தக் குறி பாகைக்கு மட்டும் உரியதன்று. பாகை, நிமிடம், விநாடி மூன்றும் சேர்ந்த முழு எண்ணுக்கும் உரியது. ஆகவே முதலில் கூட்டல் முடிய வேண்டும்; குறி அதன் பிறகே வர வேண்டும். குயிட்டோ −0.22, −78.5125 ஆகும், குவாயாகில் −2.19, −79.8875 ஆகும்.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். குவாயாகிலின் பாகையை −2 என்று எழுதிவிட்டு அதனோடு நிமிடத்தையும் விநாடியையும் கூட்டினால் −1.81 வரும். −2.19-க்குப் பதிலாக −1.81 என்றால் ஊர் வடக்கே சுமார் 42 கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. குயிட்டோவின் தீர்க்கரேகையில் இதே தவறு நேர்ந்தால் −77.4875 வரும், மலைமேல் இருக்கும் தலைநகரம் ஆண்டிஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, அமேசான் பக்கம் போய்விடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் பாகை சுழியமாக இருக்கும்போது வருகிறது. குறியைப் பாகையோடு சேர்த்து வைக்கும் பழக்கத்தில் குயிட்டோவின் அட்சரேகைக்கு −0 என்று உள்ளிட்டால், விரிதாள் அதை வெறும் 0 ஆகவே வைத்துக்கொள்ளும். பைத்தானில் முழு எண்ணாக எழுதினாலும் அப்படித்தான். பாகை சுழியத்தைவிடச் சிறியதா என்று பார்த்துக் குறியை முடிவுசெய்யும் நிரலும் இங்கே தோற்றுப்போகும், ஏனெனில் சுழியம் சுழியத்தைவிடச் சிறியதல்ல. விளைவாக −0.22 என்பது +0.22 ஆகி, குயிட்டோ பூமத்திய ரேகைக்கு வடக்கே போய்விடும். குவாயாகிலிலிருந்து தூரம் 267-க்குப் பதிலாகச் சுமார் 309 கிலோமீட்டர் என்று வரும். இந்தத் தவறு மற்ற ஊர்கள் எதிலும் தெரியாது. பாகை சுழியமாக உள்ள ஊர்களில் மட்டுமே வெளிப்படும். இலண்டனின் மேற்குப் பகுதி இடங்களுக்கும் இதே நிலைதான். அவற்றின் தீர்க்கரேகை 0 பாகையும் சில நிமிடங்களும் மேற்கு என்றே தொடங்கும்.

குறியை முற்றிலும் விட்டுவிடுவதிலும் ஒரு மறைந்த ஆபத்து உண்டு. குயிட்டோ, குவாயாகில் இரண்டுமே தெற்கிலும் மேற்கிலும் இருப்பதால், நான்கு எண்களுக்கும் கழித்தல் குறி இடாமல் கணக்கிட்டாலும் அதே 267 கிலோமீட்டர்தான் வரும். விடை சரியாக வந்ததால் முறையும் சரி என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதே நாட்டின் கடலோர ஊரான எஸ்மெரால்தாஸ், தோராயமாக 0°58′ N, 79°39′ W-இல், பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறது. குயிட்டோவிலிருந்து அதற்குள்ள தூரம் குறிகளோடு கணக்கிட்டால் சுமார் 183 கிலோமீட்டர். குறியை விட்டால் சுமார் 151. ஒரு முறையைச் சோதிக்க வேண்டுமானால் பூமத்திய ரேகையின் இரு பக்கங்களிலும் உள்ள ஊர்களை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

திசை எழுத்தைப் படிப்பதிலும் கவனம் தேவை. ஸ்பானிய மொழி ஆவணங்களில் மேற்கு O என்ற எழுத்தால் குறிக்கப்படுவதுண்டு. ஜெர்மன் மொழியிலோ அதே O கிழக்கைக் குறிக்கும். எனவே N, S, E, W தவிர வேறு எழுத்து வந்தால் ஊகிக்காமல் கணக்கை நிறுத்திவிடுவதே முறை.

நான்காம் படி: சூத்திரமாகவும் நிரலாகவும் எழுதுங்கள்

விரிதாளில் பாகை, நிமிடம், விநாடி, திசை ஆகியவை முறையே A, B, C, D நெடுவரிசைகளில் இருந்தால், பின்வரும் சூத்திரம் போதும்.

```
=IF(OR(D2="S",D2="W"),-1,1)*(A2+B2/60+C2/3600)
```

பைத்தானில் எழுதுவதானால், சோதனைகளையும் சேர்த்தே எழுதிவிடலாம்.

```python
def to_decimal(d, m, s, h):
    if h not in ("N", "S", "E", "W"):
        raise ValueError(h)
    if d < 0 or not (0 <= m < 60 and 0 <= s < 60):
        raise ValueError((d, m, s))
    v = d + m / 60 + s / 3600
    return -v if h in ("S", "W") else v
```

இரண்டிலும் பாகை எப்போதும் குறியற்ற எண்ணாகவே உள்ளே வருகிறது. திசை எழுத்து மட்டுமே குறியைத் தீர்மானிக்கிறது. அதனால் சுழியப் பாகைச் சிக்கல் எழுவதற்கே இடமில்லை. −2 போன்ற எண் பாகையாக வந்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்; விரிதாள் சூத்திரத்தில் அந்தக் காவல் இல்லை என்பதால் A நெடுவரிசையை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: திரும்ப மாற்றிச் சரிபார்த்துவிட்டுத் தூரத்துக்குச் செல்லுங்கள்

கிடைத்த தசம எண்ணைப் பழைய வடிவுக்குத் திருப்பினால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். 78.5125-இல் 78-ஐ எடுத்துவிட்டால் எஞ்சுவது 0.5125. அதை 60-ஆல் பெருக்கினால் 30.75, நிமிடம் 30. எஞ்சிய 0.75-ஐ மீண்டும் 60-ஆல் பெருக்கினால் 45 விநாடி. 78°30′45″ திரும்பக் கிடைத்துவிட்டது. இந்தச் சோதனை எண்ணை மட்டுமே உறுதிசெய்யும், திசையை உறுதிசெய்யாது என்பதால், குறியோடு கூடிய மதிப்பை ஒரு வரைபடத்திலும் இட்டு ஊர் தன் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் வேண்டும் என்ற கேள்விக்கும் எளிய விடை உண்டு. அட்சரேகையில் ஒரு விநாடி ஏறத்தாழ 31 மீட்டர். தசமப் பாகையின் நான்காம் இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டர். விநாடிகள் முழு எண்ணாகத் தரப்பட்டிருந்தால் நான்கு இலக்கங்களுக்கு மேல் எழுதுவது இல்லாத நுட்பத்தை இருப்பதாகக் காட்டுவதே. இடைக் கணக்கில் மட்டும் எதையும் வெட்டாமல் வைத்திருங்கள்.

இப்போது நான்கு எண்களையும் தூரச் சூத்திரத்துக்குக் கொண்டுபோகலாம். நிரல்மொழிகளின் `sin`, `cos` சார்புகள் பாகையை அல்ல, ரேடியனை எதிர்பார்ப்பவை என்பதால், தசமப் பாகையை `radians()` கொண்டு மாற்றிய பின்பே அவற்றில் இட வேண்டும். பூமியை 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொண்டு ஹாவர்சைன் சூத்திரத்தால் கணக்கிட்டால், குயிட்டோவுக்கும் குவாயாகிலுக்கும் இடையே 267.1 கிலோமீட்டர் கிடைக்கும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதைக் கணக்கில் கொள்ளும் முறைகள் இதைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் குறைவாகக் காட்டும்.