கோபமாக அழைப்பு எடுப்பவருக்கான உரையை மாற்றியபோது

வங்கி அழைப்பு நிலையத்தில் அதிகம் சூடேறுவது ஏ.டி.எம். முறைப்பாடுதான்: காசு வரவில்லை, கணக்கில் 20,000 ரூபா குறைந்துவிட்டது. ஊழியர் சொல்லவேண்டிய பழைய உரை "சிரமத்திற்கு வருந்துகிறோம், அடையாள அட்டை இலக்கத்தைக் கூறவும்" என்று தொடங்கியது. தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று அழைப்பு எடுத்தவர் நினைத்து, கதையை முதலிலிருந்து மீண்டும் சொல்வார். ஒலிப்பதிவில் அப்படி இரண்டாம் முறை சொல்வது கேட்டால் உரை பிழைத்த இடம் அதுதான்.

அடையாளச் சரிபார்ப்பை நான் நீக்கவில்லை, அதற்கு முன் ஒரு வரி சேர்த்தேன்:

"காசு வரேல்லை, கணக்கில 20,000 குறைஞ்சிட்டுது எண்டு சொல்லுறியள், அப்பிடித்தானே ஐயா? வேற ஆக்களுக்கு உங்கட கணக்கு விபரம் போகக்கூடாது. அதாலை ரண்டு கேள்வி கேட்டிட்டு உடனை பாக்கிறன்."

"எண்டு சொல்லுறியள்" கட்டாயம் வேண்டும். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வதால் கணக்குத் தகவல் எதுவும் வெளியே போகாது. "ஓம், குறைஞ்சிருக்கு" என்றால் ஆளை உறுதிசெய்யாமலே தகவல் கொடுத்ததாகிவிடும்.

அடுத்த ஆபத்து ஆறுதல். "காசு கட்டாயம் வரும்" என்பது வாக்குறுதி. இயந்திரத்தின் காசை எண்ணிப் பதிவோடு ஒப்பிடுமுன் அதைச் சொல்லவே கூடாது. பதிலாக: "இப்ப முறைப்பாடு பதியிறன், இலக்கத்தை எழுதுங்கோ. இயந்திரத்தில காசு மிச்சமிருக்கோ எண்டு பாப்பினம்."

ஒலிப்பதிவு அறிவித்தல், சரிபார்ப்புக் கேள்விகள், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் தடித்த எழுத்தில், சொல் மாறாமல் வைத்தேன். மீதியை ஊழியர் தன் வாயில் வருகிறபடி சொல்லலாம்.