சிக்னல் இல்லாத மலைச்சாலைக்கு வரைபடம் சேமித்த அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்குக் காரில் செல்வதற்காக, கூகுள் மேப்ஸில் வால்பாறைப் பகுதியைச் சேமித்து வைத்திருந்தேன். புறப்படுவதற்கு முந்தைய இரவு கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிச் சோதித்தபோது, வரைபடம் திரையில் தெளிவாகத் தெரிந்ததே தவிர, சாலக்குடிக்கான வழி மட்டும் வரவில்லை. திரையை மேற்கே நகர்த்திப் பார்த்ததும் காரணம் புரிந்தது: அதிரப்பள்ளியைத் தாண்டிய பகுதி, சேமித்த கட்டத்துக்கு வெளியே இருந்தது. இணையமின்றி வழி கணக்கிட, பாதை முழுவதும் சேமித்த பகுதிக்குள் அடங்க வேண்டும்.

வைஃபையில் இணைந்து, பொள்ளாச்சியும் சாலக்குடியும் ஒரே கட்டத்துக்குள் வரும்படி விரித்துப் பதிவிறக்கிய பிறகு, அதே சோதனையில் வழி முழுமையாக வந்தது. இந்த முறையில் கார் வழி கிடைக்கும். போக்குவரத்து நெரிசலும் மாற்றுப் பாதையும் காட்டப்படுவதில்லை. மளுக்கப்பாறைப் பாதையில் வனத்துறைச் சோதனைச்சாவடிகள் மாலையில் அடைக்கப்படும் என்பதை வரைபடம் கணக்கில் கொள்ளும் என்று நம்ப முடியாது என்பதால், நேரத்தை உள்ளூரில் கேட்டே உறுதி செய்தேன்.

ஜிபிஎஸ்ஸுக்குச் சிம் தேவையில்லை. ஆனால் இணையம் இல்லாதபோது செயற்கைக்கோள்களின் இருப்பிடத் தகவலை அவற்றிடமிருந்தே பெற வேண்டியிருப்பதால், முதல் இடங்காட்டல் தாமதமாகும். அடர்ந்த மரநிழலில் இன்னும் தாமதமாகும். ஆகவே சிக்னல் இருக்கும் பொள்ளாச்சியிலேயே வழிகாட்டலைத் தொடங்கி, இடையில் செயலியை மூடாமல் ஓட்டினேன்.