முக்கிய மட்டத்தில் விற்பனையை யாரோ வாங்கித் தாங்குகிறார்களா? சிவிடியும் ஃபுட்பிரிண்டும் வைத்துப் பார்ப்பது எப்படி

மட்டக்களப்பில் இருந்து எஸ்&பி 500 சுட்டியின் இஎஸ் ஃபியூச்சர்ஸ் பார்ப்பவர்களுக்கு நியூயோர்க் பகல் சந்தை கோடையில் இரவு 7 மணிக்குத் திறக்கும், குளிர்காலத்தில் 8 மணிக்கு. ஆஸ்கில் வாங்கியதில் இருந்து பிட்டில் விற்றதைக் கழித்தால் வருவது டெல்டா, அதைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போகும் கோடுதான் சிவிடி. அதை அந்த நேரத்தில் பூச்சியத்தில் இருந்து தொடங்க விடுங்கள்.

முதலில் தரவு. சியரா சார்ட்டில் `Intraday Data Storage Time Unit` என்பதை `1 Tick` ஆக்கிவிட்டு, அந்தத் தரவை மீண்டும் இறக்குங்கள். இல்லாவிட்டால் பிட், ஆஸ்க் பிரிப்பு சரியாக வராது. ஒவ்வொரு விலையிலும் பிட்டில் எவ்வளவு, ஆஸ்கில் எவ்வளவு கைமாறியது என்று காட்டும் ஃபுட்பிரிண்டுக்கு நான் சியராவையே விரும்புகிறேன், அழகு குறைவுதான்.

அடுத்து மட்டம். நேற்றைய அடிவிலை 5200.00 என்று வைத்துக்கொள்வோம். விலை அங்கே இறங்கியதும் 5 நிமிட பாரின் அடியில் இப்படித் தெரிகிறது, இடது பக்கம் பிட், வலது பக்கம் ஆஸ்க்:

```
5200.50    640 x 410
5200.25   1420 x 380
5200.00   1910 x 150
```

இந்த மூன்று வரிகளின் டெல்டா மட்டும் -3030. அடுத்த பாரிலும் இதே அளவு விற்பனை கொட்டுகிறது, சிவிடி புதிய அடிக்குப் போகிறது. விலையோ 5199.75 வரை, ஒரே ஒரு டிக்தான் இறங்குகிறது. அவ்வளவு மார்க்கெட் ஆர்டரையும் ஒருவர் லிமிட்டில் நின்று வாங்குகிறார். இதுதான் அப்சார்ப்ஷன்.

பலர் குழம்பும் இடம் இதுதான். விலை புதிய அடிக்குப் போய், சிவிடி போகாமல் நின்றால் அது அப்சார்ப்ஷன் இல்லை, விற்பவர்கள் களைத்துவிட்டார்கள். அப்போது அடி வரிகளில் எண்கள் மெலிந்து போயிருக்கும். அப்சார்ப்ஷனில் அவை தடிப்பாக இருக்கும், விலைதான் நகராது. இரண்டையும் ஒரே ‘டைவர்ஜென்ஸ்’ என்று சொன்னால் ஸ்டாப் வைக்கும் இடமே மாறிவிடும்.

தடிப்பான எண்ணைக் கண்டதும் வாங்கக்கூடாது. தாங்குபவர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போகலாம். நேர் டெல்டாவோடு ஒரு பார் 5201.50 க்கு மேல் முடியட்டும். அப்புறம் 5201.75 இல் நுழைந்து, 5199.00 இல் ஸ்டாப் வைத்தால் 11 டிக், ஒரு இஎஸ் கொன்ட்ராக்டுக்கு 137.50 டொலர், மைக்ரோவில் 13.75. மாறாக, 5199.75 க்குக் கீழே சிறிய விற்பனைக்கே விலை சறுக்கினால் தாங்கியவர் போய்விட்டார், அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ட்ரேடிங்வியூவில் சிவிடி நேர்மாறாக ஏறுகிறதே என்று கல்முனையில் இருந்து ஒரு நண்பர் கேட்டார். அங்குள்ள சிவிடி பிட், ஆஸ்க் பார்ப்பதில்லை. சிறிய நேரச்சட்டத்து பார் ஏறி முடிந்தால் அதன் முழு வொல்யூமையும் வாங்கல் என்று எண்ணிக்கொள்கிறது. விற்பனை கொட்டியும் விலை ஒரு டிக் ஏறி முடியும் இடம்தானே அப்சார்ப்ஷன்? ஆகவே நமக்குத் தேவையான அந்த இடத்திலேயே கணக்கு தவறிவிடும். போக்கைப் பார்க்க அது போதும், இந்த வேலைக்கு உண்மையான டிக் தரவு வேண்டும். ஸ்பொட் ஃபொரெக்ஸிலும் இதை முயல வேண்டாம், அங்கே மொத்த வொல்யூம் ஓரிடத்தில் பதிவாவதில்லை. யூரோ என்றால் 6இ ஃபியூச்சர்ஸைப் பாருங்கள்.