ஐந்நூறு ரூபாய் குறைகிறதே, சார்?

2024 ஜூனில் எங்கள் கிடங்குக்கு ஷெட் போட்டுத் தந்தவரின் பில் 50,000, ஜிஎஸ்டி 9,000, மொத்தம் 59,000. அக்கவுண்டில் ஏறியது 58,500. "டிடிஎஸ் கழிக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் அனுப்பியிருந்தோம். மறுநாளே, "மீதி 500 எப்போ சார்?" என்று போன். அந்த வரியைப் படித்தால் யாருக்கும் தள்ளுபடி என்றுதான் தோன்றும்.

இப்படி மாற்றி அனுப்பினேன்:

"அண்ணே, வருமான வரிச் சட்டம் பிரிவு 194சி-யின்படி 50,000-க்கு 1% வருமான வரி, 500 ரூபாய் டிடிஎஸ் ஆகப் பிடித்திருக்கிறோம். ஜிஎஸ்டி மீது பிடிக்கவில்லை. ஜூலை 7-க்குள் உங்கள் பான் எண்ணில் கட்டிவிடுவோம். ஜூலை 31-க்குள் 26க்யூ என்ற டிடிஎஸ் கணக்கு தாக்கல் ஆகும். ஆகஸ்ட் 15-க்குள் வரி பிடித்ததற்கான சான்றிதழ், படிவம் 16ஏ, அனுப்புவோம். ரிட்டர்ன் போடும்போது இந்த 500-ஐ உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் பில்லில் இருக்கும் பான் எண் சரிதானா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். பில்லில் ஓர் எழுத்து மாறியிருந்தது, திருத்தி அனுப்பினார். அப்படியே தாக்கல் செய்திருந்தால் அவருடைய வரி வரவைக் காட்டும் 26ஏஎஸ்-ல் அந்தத் தொகை வந்திருக்காது, சான்றிதழும் அவருக்குப் பயன்பட்டிருக்காது. தனிநபர் என்பதால் 1%. கம்பெனி, பங்குதாரர் நிறுவனம் என்றால் 2% என்று மாற்றி எழுத வேண்டும்.

"சரி, ஆகஸ்டில் ஞாபகப்படுத்துறேன்" என்றார்.