ஊதாக் கரைசலிலிருந்து ஒரு மோலுக்கான படிகபுலப் பிளப்பு ஆற்றல்: டைட்டானியத்தோடு ஒரு செய்முறை

படிகபுலப் பிளப்பு ஆற்றலைக் கணக்கிடப் பழக [Ti(H₂O)₆]³⁺ அயனிதான் சரியான தொடக்கம். இதில் உள்ள Ti³⁺ அயனிக்கு d ஆர்பிட்டாலில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான் இருக்கிறது. ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாகச் சூழும்போது ஐந்து d ஆர்பிட்டால்களும் கீழே மூன்று (t₂g), மேலே இரண்டு (e_g) எனப் பிரிகின்றன. கீழே இருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரான் ஒளியை வாங்கிக்கொண்டு மேலே தாவுகிறது. அந்தத் தாவலுக்குத் தேவையான ஆற்றலே Δₒ. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் சிக்கல் இல்லாததால், உட்கவர் நிறமாலையின் உச்சியைப் படித்தால் Δₒ நேரடியாகக் கையில் கிடைக்கிறது.

கரைசல்

கடையில் கிடைக்கும் டைட்டானியம் டிரைகுளோரைடு கரைசல், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுமார் 15% செறிவில் வரும். அதில் 1 மி.லி. எடுத்து, 1 M கந்தக அமிலத்தால் 25 மி.லி. குடுவையில் குறிவரை நிரப்புங்கள். செறிவு ஏறத்தாழ 0.05 M ஆகும். மூலக்கரைசல் அரிக்கும், புகையும். கையுறையோடு புகைக்கூண்டுக்குள் வைத்தே எடுக்க வேண்டும்.

இவ்வளவு செறிவு எதற்கு என்று கேட்கலாம். இந்த அயனியின் மோலார் உட்கவர் திறன் சுமார் 5 L mol⁻¹ cm⁻¹ மட்டுமே. 1 செ.மீ. குவெட்டில் 0.05 M கரைசல் 0.25 அளவுக்கே உட்கவரும். இன்னும் நீர்த்தால் உச்சி தட்டையாகி, எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதே சமயம் செறிவு துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. செறிவு மாறினால் உச்சியின் உயரம் மாறுமே தவிர, அது நிற்கும் அலைநீளம் மாறாது. நமக்கு வேண்டியது அலைநீளம்தான்.

அமிலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் நீரில் நீர்த்தால் Ti³⁺ காற்றிலுள்ள ஆக்சிஜனால் Ti⁴⁺ ஆகி, நீரேறிய டைட்டானியம் டை ஆக்சைடாக வெண்மையாகக் கலங்கத் தொடங்கும். கலங்கிய துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். குறைந்த அலைநீளத்தில் அதிகமாகச் சிதறடிக்கும். அதனால் வரைபடத்தின் இடப்பக்கம் தூக்கிக்கொண்டு, உச்சி இருக்கும் இடத்தைவிடக் குறைந்த அலைநீளத்தில் இருப்பதுபோலக் காட்டும். கரைசல் வெளிறினாலோ மங்கலானாலோ கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். அமிலம் வேண்டும் என்பதற்காக அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீர்ப்பதும் தவறு. குளோரைடு, நீர் ஈனியின் இடத்தைப் பிடிக்கும். அது நீரைவிட வலுக்குறைந்த ஈனி என்பதால் உச்சி நீண்ட அலைநீளத்துக்கு நகரும். அப்போது நீங்கள் அளப்பது வேறொரு அணைவு அயனியை.

அளவீடு

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அதே 1 M கந்தக அமிலத்தை ஒப்பீட்டுக் கரைசலாக வைத்துச் சுழியாக்குங்கள். பிறகு 350 முதல் 800 nm வரை 1 nm இடைவெளியில் வருடுங்கள். கண்ணுறு ஒளி மட்டுமே தேவை என்பதால் கண்ணாடிக் குவெட் போதும். வடிகட்டித் தகடு மாற்றும் பழைய கலரிமீட்டர் இந்த வேலைக்கு உதவாது. ஒவ்வொரு தகடும் பல பத்து nm அகலத்துக்கு ஒளியை விடும்.

வரைபடத்தில் கூர்மையான முனையை எதிர்பார்க்காதீர்கள். அகன்ற மேடு ஒன்று வரும், 493 nm சுற்றில் உச்சி இருக்கும், வலப்பக்கச் சரிவில் ஒரு தோள் தெரியும். தோள் கருவிக் கோளாறு அல்ல. மேலே தாவிய எலக்ட்ரானுக்கு இரண்டு e_g ஆர்பிட்டால்கள் சம வாய்ப்பாக இருப்பதால் அணைவு சற்று உருக்குலைந்து, அந்த இரண்டும் விலகுகின்றன. இதுதான் ஜான்–டெல்லர் விளைவு. தொடக்கக் கணக்குக்குப் பெரிய உச்சியை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். கரைசல் ஊதாவாக இருக்கிறது என்று ஊதா ஒளியின் அலைநீளமான 420 nm-ஐச் சமன்பாட்டில் போட்டுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிவது கரைசல் விட்டுவைத்த ஒளி. கணக்குக்கு வேண்டியது அது விழுங்கிய நீலப்பச்சை ஒளி.

கணக்கு

முதலில் nm-ஐ மீட்டராக்குங்கள்: 493 nm = 4.93 × 10⁻⁷ m. பிறகு:

```
E = hc/λ
  = (6.626×10⁻³⁴ × 2.998×10⁸) / 4.93×10⁻⁷
  = 4.029×10⁻¹⁹ J
Δₒ = E × 6.022×10²³
   = 2.426×10⁵ J/mol = 242.6 kJ/mol
```

முதல் விடை ஒரே ஒரு அயனி ஒரே ஒரு ஃபோட்டானை விழுங்கும் ஆற்றல். ஒரு மோல் அயனிகளுக்கு என்பதால்தான் அவகாட்ரோ எண்ணால் பெருக்குகிறோம். விடை 10⁻¹⁹ என்ற அடுக்கில் நின்றால் இந்தப் பெருக்கல் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு லட்சத்தைத் தாண்டினால் ஜூல் மதிப்பை 1000-ஆல் வகுக்கவில்லை.

மாறிலிகள் மூன்றையும் ஒருமுறை பெருக்கி வைத்துக்கொண்டால் ஒரே வரியில் முடியும்:

```
Δₒ (kJ/mol) = 119627 / λ(nm)
```

இதில் λ-வை nm-லேயே போடலாம். இதை வைத்தே பிழையையும் பாருங்கள். உச்சியை 488 என்று படித்தால் 245.1, 498 என்று படித்தால் 240.2 வரும். அகன்ற மேட்டில் 5 nm தடுமாற்றம் சாதாரணம். ஆகவே 243 kJ/mol என்று எழுதுவதே நேர்மை, 242.651 அல்ல. நூலுக்கு நூல் 240, 243 என்று விடை மாறுவதற்கும் இந்தத் தடுமாற்றமே காரணம்.

இன்னொரு குழப்பம்: பிளப்பு ஆற்றலும் படிகபுல நிலைப்படுத்தும் ஆற்றலும் ஒன்றல்ல. t₂g-இல் இருக்கும் ஒரு எலக்ட்ரான் −0.4 Δₒ அளவு நிலைப்படுத்துகிறது. இங்கே அது −97 kJ/mol. கேள்வியில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

எங்கே செல்லாது

இதே வாய்ப்பாட்டைப் பச்சை நிற [Ni(H₂O)₆]²⁺ கரைசலில் போட்டுப் பாருங்கள். d எலக்ட்ரான்கள் எட்டு, உச்சிகள் மூன்று. கண்ணுறு பகுதியில் எடுப்பாக நிற்கும் 395 nm உச்சியைப் போட்டால் 303 kJ/mol வரும். அது தவறு. இந்த அயனிக்கு Δₒ தரும் உச்சி ஆற்றல் குறைந்த முதல் உச்சி. அது 8500 cm⁻¹ அருகே, அதாவது அகச்சிவப்பில் 1176 nm-இல் ஒளிந்திருக்கிறது. சரியான விடை சுமார் 102 kJ/mol.

பெர்மாங்கனேட் இன்னும் பெரிய பொறி. அதுவும் ஊதாதான், 525 nm அருகே உட்கவர்கிறது, வாய்ப்பாடு தயங்காமல் 228 என்று ஒரு எண்ணைத் தரும். ஆனால் Mn(VII)-இல் தாவுவதற்கு d எலக்ட்ரானே இல்லை. ஆக்சிஜனிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் மாறுவதால் வரும் நிறம் அது. அந்த எண்ணுக்கும் பிளப்பு ஆற்றலுக்கும் சம்பந்தமில்லை. மோலார் உட்கவர் திறனைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்: டைட்டானியத்துக்கு 5, பெர்மாங்கனேட்டுக்கு 2000-க்கும் மேல். சில நூறு மடங்கு நீர்த்த பிறகும் நிறம் பளிச்சென்று நின்றால், கால்குலேட்டரை எடுக்கும் முன் அந்த உலோக அயனியின் d எலக்ட்ரான்களை எண்ணுங்கள்.